மேசைமேல் ஒரு தாள்

கொடைக்கானலில் வாடகைக்கு எடுத்த வீடு. இரவு பதினோரு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. மேசைமேல் உரிமையாளர் வைத்த நான்கு பக்க வரவேற்புக் குறிப்பு இருந்தது. தாத்தா கட்டிய வீடு, ஜன்னலின் தேக்கு, பக்கத்து அருவி என்று எல்லாம் எழுதியிருந்தார். தொலைபேசி எண் மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில், ஒன்றே ஒன்று. அழைத்தால் அணைத்து வைத்திருந்தார். அவர் இருந்தது சென்னையில். 108-ஐ அழைத்தோம். “எந்த இடம்?” என்றார்கள். அதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. வந்தபோது போன் காட்டிய வழியில் வளைந்து வளைந்து வந்து சேர்ந்திருந்தோம்.

விருந்தினருக்கு முதலில் வேண்டியது தான் எங்கே இருக்கிறோம் என்கிற விவரம். வரவேற்பு வாசகம் இரண்டு வரி போதும். அதற்கடுத்து வீட்டு எண், தெரு, எந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வாசலில் என்ன அடையாளம் என்பதை, போனில் அப்படியே வாசிக்கிற மாதிரி எழுதிவிட வேண்டும்.

பிறகு ஆட்கள். பலர் தங்கள் எண்ணை முதலில் போடுகிறார்கள். எனக்கு அது தவறாகவே படுகிறது. ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடியவர்தான் முதலில் வர வேண்டும். பின்னொரு முறை தங்கிய வீட்டில் இப்படி எழுதியிருந்தது: “தோட்டக்கார அண்ணன் பின்வீட்டில் இருக்கிறார். தண்ணீர் வராவிட்டாலும் காட்டுமாடு வாசலில் நின்றாலும் இரவிலும் கூப்பிடலாம். மாடு நின்றால் நீங்கள் வெளியே வர வேண்டாம், அவர் பார்த்துக்கொள்வார். போன் கிடைக்காவிட்டால் சமையலறை ஜன்னலைத் திறந்து குரல் கொடுங்கள்.” யார், எதற்கு, எந்த நேரத்தில், போன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான்குமே அதில் இருக்கின்றன. வெறும் பெயரும் எண்ணும் இருந்தால், இந்நேரத்தில் கூப்பிடலாமா என்று தயங்கியே விருந்தினர் விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

பொது எண்கள் கடைசியில் வரட்டும். ஆம்புலன்ஸுக்கு 108, சமையல் எரிவாயு கசிந்தால் 1906, போலீஸ் உட்பட எந்த அவசரத்துக்கும் 112. மலையில் சிக்னல் போவது சகஜம். நம் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிட்டாலும், வேறொன்றின் சிக்னல் இருந்தால் 112 அழைப்பு அதன் வழியே போகும். இந்த ஒரு வரியையும் குறிப்பில் சேர்க்கலாம். எரிவாயு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் நின்றுதான் போன் செய்ய வேண்டும் என்பதையும்.

ஆள் மாறினால் தாளும் மாற வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் எண் குறிப்பில் அப்படியே கிடப்பது வழக்கமாக நடப்பதுதான்.

தங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: சாவி வாங்கியதும் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் தாள் இருட்டில்தான் கிடக்கும்.