99 சதவீதம் எதைப் பற்றியது?

R என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள்ளேயே women என்ற பெயரில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. 30 முதல் 39 வயது வரையிலான அமெரிக்கப் பெண்களின் உயரமும் எடையும், மொத்தமே 15 வரிகள். 1975-இன் ‘வேர்ல்டு அல்மனாக்’ தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. 58 அங்குல உயரத்துக்கு எடை 115 பவுண்டு, 65 அங்குலத்துக்கு 135, 72 அங்குலத்துக்கு 164. உயரம் கூடக் கூட எடையும் கூடுகிறது என்பது பார்த்ததுமே புரிந்துவிடும். அதற்கு மேல் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்பது முதல் கேள்வி. கார்ல் பியர்சன் பெயரால் வழங்கும் ஒட்டுறவுக் கெழு, அதாவது r, இதற்குத்தான் பதில் சொல்கிறது. அது −1-க்கும் 1-க்கும் இடையில் நிற்கும் எண். இந்த அட்டவணைக்கு 0.995. அதற்கு அலகு கிடையாது. அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கினாலும், உயரத்தையும் எடையையும் இடம் மாற்றி வைத்தாலும் அதே 0.995தான் வரும். ஆனால் ஓர் அங்குலத்துக்கு எடை எத்தனை பவுண்டு கூடும் என்று கேட்டால் r-இடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தருவது தொடர்புப்போக்குக் கோடு. புள்ளிகளுக்கு நடுவே மிகப் பொருத்தமாக விழும் நேர்கோட்டைக் கணக்கிட்டால் இப்படி வருகிறது:

எடை = −87.5 + 3.45 × உயரம்

3.45 என்பது சாய்வு. ஓர் அங்குலம் உயரமான பெண்களின் எடை சராசரியாக 3.45 பவுண்டு கூடுதல் என்று அதைப் படிக்க வேண்டும். ஒரு பெண் ஓர் அங்குலம் வளர்ந்தால் அவ்வளவு கூடும் என்று படிக்கக் கூடாது. முப்பது வயதுக்கு மேல் யாரும் வளர்வதில்லை. வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டுக் கிடைத்த எண் அது. சாய்வுக்கு அலகு உண்டு. சென்டிமீட்டரிலும் கிலோவிலும் சொன்னால் அதே சாய்வு 0.62 ஆகிவிடும். எண் சிறுத்துப்போனதால் தொடர்பு பலவீனம் என்று நினைத்துவிடக் கூடாது, கோடு அதேதான். −87.5-ஐப் பார்த்தும் திகைக்க வேண்டாம். உயரமே இல்லாத ஒருவரின் எடையை அது சொல்கிறது. அட்டவணையோ 58 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. கோட்டைச் சரியான இடத்தில் நிறுத்துவதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு வேலை இல்லை.

இனி r²-க்கு வருவோம். உயரம் தெரியாமல் 15 எடைகளையும் ஊகிக்கச் சொன்னால், எல்லாவற்றுக்கும் சராசரியான 136.7 பவுண்டைச் சொல்வதே உத்தமம். அப்போது ஒவ்வொரு வரியிலும் வரும் பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டினால் ஏறத்தாழ 3363. கோட்டை வைத்து ஊகித்தால் அந்தக் கூட்டுத்தொகை வெறும் 30. அதாவது பிழையில் 99.1 சதவீதம் காணாமல் போய்விட்டது. r² = 0.991 என்பதன் பொருள் இதுதான்.

இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதும் நேர்கோடே சரியென்று தோன்றும். கோட்டுக்கும் உண்மை எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 58 அங்குலத்தில் உண்மை எடை 2.4 பவுண்டு மேலே, 65-இல் 1.7 கீழே, 72-இல் மறுபடி 3.1 மேலே. இரு முனைகளிலும் மேலே, நடுவில் கீழே. அடியில் கிடப்பது ஒரு வளைவு. 58-இலிருந்து 59-க்குப் போகும்போது எடை 2 பவுண்டுதான் கூடுகிறது. 71-இலிருந்து 72-க்கோ 5 பவுண்டு. 3.45 எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த நடு மதிப்பு. r² இதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் தருவதில்லை. வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த 15 வரிகளும் 15 பெண்கள் அல்ல. ஒவ்வொரு வரியும் ஒரே உயரமுள்ள பல பெண்களின் சராசரி எடை. 65 அங்குல உயரத்தில் ஒல்லியானவர்களும் இருப்பார்கள், பருமனானவர்களும் இருப்பார்கள். சராசரி எடுத்த மாத்திரத்தில் அவர்களுக்குள் இருந்த வேறுபாடு முழுக்க அழிந்துவிடுகிறது. அந்தப் பெண்களைத் தனித்தனியாகப் புள்ளி வைத்து வரைந்திருந்தால் சாய்வு பெரிதாக மாறியிருக்காது. சராசரிகள் அதே கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் கோட்டைச் சுற்றிப் புள்ளிகள் சிதறி, r² வெகுவாகச் சரிந்திருக்கும். எடையில் 99 சதவீதத்தை உயரமே தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து சொன்னால் தவறு. 99 சதவீதம் அந்த 15 சராசரிகளைப் பற்றியது மட்டுமே. கோட்டிலிருந்து விலகல் சுமார் 1.5 பவுண்டு என்று மென்பொருள் காட்டும் எண்ணும் அப்படியே. 65 அங்குல உயரமுள்ள ஒரு பெண்ணின் எடையை இந்தக் கோட்டால் ஊகித்தால் எத்தனை பவுண்டு பிசகும் என்பதை இந்த அட்டவணையிலிருந்து கணக்கிடவே முடியாது.