ஏற ஒரு வழி, இறங்க இன்னொரு வழி

10-க்கு 12 அடி ஹால், மூன்று பூனைகள். ஜன்னலோரம் ஐந்தடிப் பூனை மரம் வாங்கி வைத்த பிறகும் வீட்டில் உரசல் தீரவில்லை என்கிறீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். மரத்தில் குறையில்லை. அதிலிருந்து இறங்க ஒரே வழிதான் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

உச்சியில் உங்கள் சின்னப் பெண் பூனை படுத்திருக்கும். பெரிய கடுவன் வந்து மரத்தடியில் சும்மா உட்காருவான். உறுமமாட்டான், பார்ப்பான், அவ்வளவுதான். அவள் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவாள். பசியையும் சிறுநீரையும் அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அங்கேயே கிடப்பாள். சத்தம் வராததால் நமக்கு இது சண்டையாகவே தெரிவதில்லை. மெத்தையில் ஈரம் கண்ட பிறகுதான் விழித்துக்கொள்கிறோம்.

ஆகவே மரத்தின் உச்சியிலிருந்து சுவரோடு ஒரு பாதை போடுங்கள். ஓரடி அகலப் பலகைகள் போதும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றேகால் அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். பாதை பீரோ தலையில் போய்ச் சேரட்டும். பீரோவின் மறுபக்கம் படிபோல மூன்று பலகைகள், கடைசியில் சோபாவின் கை. பாதையின் நடுவில் ஒரு பலகையை மட்டும் மற்றதற்குக் கீழே தள்ளி அடியுங்கள். எதிரெதிரே வரும் இரண்டு பூனைகளில் ஒன்று அங்கே ஒதுங்கிக்கொள்ளும். பீரோவின் தகரம் வழுக்கும், அதன்மேல் ரப்பர் மிதியடி விரித்துவிடுங்கள்.

சீலிங் ஃபேனை மறந்துவிடாதீர்கள். 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி வரை சுற்றும். பலகைகள் சுவரை ஒட்டியே போகட்டும். ஃபேனுக்குக் குறுக்கே எதிர்ச் சுவருக்குத் தாவத் தோன்றும்படி எதையும் வைக்காதீர்கள்.

துளை போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். சாதாரண பிளக்கும் இரண்டங்குல ஸ்க்ரூவும் தாங்கும், மேல்பூச்சுக்கே அரை அங்குலம் போய்விடுவதால் அதைவிடக் குறைய வேண்டாம். வெள்ளையாக, மாவுபோல எளிதாகக் கொட்டினால் புது ஃப்ளாட்டுகளில் கட்டும் லேசான ஏ.ஏ.சி. பிளாக். அதற்கென்றே வரும் நீள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண பிளக் நாளடைவில் கழன்றுவிடும். ஐந்து கிலோ பூனை தாவி இறங்கும் கணத்தில் பலகைமேல் விழும் பாரம் அதைப்போல் பல மடங்கு. அதனால் பூனையை ஏற்றுமுன் 20 கிலோ அரிசி மூட்டையை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. மரத்தின் உச்சியையும் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

பிறகு ஒரு வாரம் கவனியுங்கள். கடுவன் மரத்தடியில் இருக்கும்போது அவள் பீரோ பக்கமாக இறங்குகிறாளா? இறங்காவிட்டால் அந்த மூன்று பலகைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று லேசாக ஆடும், அல்லது வழுக்கும்.