மதிப்பீட்டுப் படிவத்தில் மழுப்பும் சொற்கள்

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் கருத்துரைக்கென்று ஒரு கட்டம் இருக்கும். மேலாளர் அதில் எழுதும் நாலைந்து வரிகளை மூன்று தரப்பினர் படிப்பார்கள். முதலில் அந்த ஊழியர், அடுத்து மேலாளருக்கு மேலே இருக்கும் அதிகாரி. மூன்றாவதாகப் பதவி உயர்வு அல்லது இடமாற்றம் பற்றி முடிவெடுப்பவர்கள். இந்த மூன்றாம் தரப்பினர் ஊழியரின் வேலையை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்; சில வேளைகளில் கருத்துரை எழுதிய மேலாளரே அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். அவர்கள் கையில் இருப்பது அந்த நாலைந்து வரிகள் மட்டுமே.

அந்த வரிகளை வலுவிழக்கச் செய்யும் சொற்கள் இரண்டு வகை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, சொல்லாதது போலவும் காட்டிக்கொள்பவை மழுப்பல் சொற்கள். எதையும் சொல்லாமல் இடத்தை மட்டும் அடைப்பவை நிரப்புச் சொற்கள். எழுதுபவருக்கு இரண்டும் பணிவாகவும் பாதுகாப்பாகவும் தோன்றுவதால்தான் அவை கண்ணில் படுவதில்லை.

எடுத்துக்காட்டாக, வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவின் உதவியாளரைப் பற்றி அவருடைய மேலாளர் இப்படி எழுதுவதாகக் கொள்ளலாம்: “இவர் பொதுவாக நல்ல உழைப்பாளி. டீமுடன் நன்றாக ஒத்துழைக்கிறார். சில நேரங்களில் சரக்கு அனுப்புவதில் கொஞ்சம் தாமதம் ஏற்படுவது போலத் தோன்றுகிறது. தகவல் தொடர்பில் இன்னும் சற்றுக் கவனம் செலுத்தலாம். மொத்தத்தில் திறமையானவர், வருங்காலத்தில் மேலும் சிறப்பாகச் செயல்படுவார் என எதிர்பார்க்கிறோம்.”

முதல் பார்வைக்கு இதில் குறை தெரியாது. யார் மனமும் நோகாது, கட்டமும் நிரம்பிவிட்டது. ஆனால் மூன்றாவது வாக்கியத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஒரே செய்தியின் மீது நான்கு அடுக்கு மெழுகு பூசப்பட்டிருப்பது தெரியும். “சில நேரங்களில்” என்பது மாதம் ஒருமுறையா, வாரம் மூன்று முறையா என்று தெரியாது. “கொஞ்சம்” என்பது பத்து நிமிடமா, இரண்டு நாளா என்பதும் தெரியாது. “தாமதம் ஏற்படுவது” என்று எழுதியதால் தாமதம் தானாக வந்துபோவது போல ஆகிவிட்டது. தாமதித்தவர் யார் என்பது வாக்கியத்திலேயே இல்லை. கடைசியில் வரும் “போலத் தோன்றுகிறது”, தாமதம் நடந்ததா இல்லையா என்பதையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. சரக்கு எப்போது வண்டி ஏறியது என்பதற்குக் கிடங்கில் பதிவேடு இருக்கும்போது இதில் தோன்றுவதற்கு என்ன இருக்கிறது?

நான்காவது வாக்கியத்தில் உள்ள “செலுத்தலாம்” இன்னும் நழுவலானது. “லாம்” என்று முடியும் வினை அனுமதியாகவும் இருக்கலாம், யோசனையாகவும் இருக்கலாம், வெறும் வாய்ப்பாகவும் இருக்கலாம். மேலாளர் கட்டளை என்று நினைத்து எழுதியதை ஊழியர் விருப்பம் இருந்தால் செய்யவேண்டியது என்று எடுத்துக்கொள்வார். அடுத்த ஆண்டு இதே குறை திரும்ப எழுதப்படும்போது “போன வருஷமே சொன்னேனே” என்று ஒருவரும், “சொல்லவே இல்லையே” என்று மற்றவரும் மல்லுக்கு நிற்பது இப்படித்தான். படிவத்தை எடுத்துப் பார்த்தால் இருவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

இத்தகைய சொற்களைக் கண்டுபிடிக்க எளிய வழி, எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று கேள்விகள் கேட்பது: எத்தனை முறை, எப்போது, யாருக்கு என்ன ஆனது? பதில் இல்லாத இடத்தில் பெரும்பாலும் ஒரு மழுப்பல் சொல் உட்கார்ந்திருக்கும். கணினியில் எழுதுபவர்கள் Ctrl+F அழுத்தி “கொஞ்சம்”, “சற்று”, “ஓரளவு”, “பொதுவாக”, “சில” ஆகிய சொற்களைத் தேடினாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி “ஏற்பட்டது”, “நேர்ந்தது” போன்ற வினைகளிலும் “லாம்” விகுதியிலும் இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல்லை அடித்துவிட்டால் போதும் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. மூன்றாவது வாக்கியத்திலிருந்து மழுப்பலை மட்டும் நீக்கினால் “சரக்கைத் தாமதமாக அனுப்புகிறார்” என்று நிற்கும். இது துணிச்சலாக ஒலித்தாலும், எப்போதுமே தாமதம்தான் என்று பொருள்படுவதால் உண்மைக்கு இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. மழுப்பல் சொல் இருந்த இடத்தில் ஒரு தகவல் வந்து உட்கார வேண்டும். அதற்கு மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும்.

இந்த எடுத்துக்காட்டில் மேலாளர் அப்படிப் புரட்டியதாக வைத்துக்கொண்டால், கருத்துரை இப்படி மாறும்: “ஜனவரி முதல் மார்ச் வரை இவர் பொறுப்பில் வந்த 410 ஆர்டர்களில் 37 ஆர்டர்கள் அன்றைய லாரியில் ஏறவில்லை. அவற்றில் 29 சனிக்கிழமை வந்தவை. அன்று பேக்கிங்குக்கு இரண்டாவது ஆள் இல்லை. மாற்று ஆள் போடவேண்டியது என் பொறுப்பு. ஆனால் லாரி தவறியது தெரிந்த பின்பும் 22 முறை இவர் கிளைக்குத் தகவல் சொல்லவில்லை. அடுத்த காலாண்டில், லாரி தவறிய ஒரு மணி நேரத்துக்குள் கிளைக்குப் போன் செய்து, அதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.”

இங்கே நடை மட்டும் மாறவில்லை, தீர்ப்பே மாறியிருக்கிறது. பழைய கருத்துரையில் தாமதம் ஊழியரின் குறை. தகவல் சொல்லாதது ஏதோ ஒரு சிறு விஷயம். எண்ணிப் பார்த்தபின், தாமதத்தில் பெரும்பகுதி ஆள் பற்றாக்குறையால் வந்தது என்றும், ஊழியர் உண்மையில் திருத்திக்கொள்ள வேண்டியது போன் செய்யாததைத்தான் என்றும் தெரிகிறது. “சில நேரங்களில்” என்ற சொல் ஊழியரின் மனம் நோகாமல் காத்ததாகத் தோன்றினாலும், அது மறைத்து வைத்திருந்தது மேலாளரின் சனிக்கிழமை ஏற்பாட்டை.

நிரப்புச் சொற்களுக்குத் தேவைப்படுவது வேறு சோதனை. “நல்ல உழைப்பாளி”, “டீம் பிளேயர்”, “நல்ல ஆட்டிட்யூட்”, “மேலும் சிறப்பாகச் செயல்படுவார்” ஆகியவற்றில் பெயரை மாற்றிப் பார்க்க வேண்டும். பக்கத்து மேசைக்காரரின் பெயரைப் போட்டாலும் வாக்கியம் அப்படியே பொருந்தினால், அது இவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இப்படி எல்லோருக்கும் பொருந்தும் வாக்கியங்களை எழுதப்பட்டவரே ஏற்றுக்கொண்டுவிடுவார் என்பதுதான் சிக்கல். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஓர் ஆளுமைத் தேர்வு நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது போல ஒரு குறிப்பைக் கொடுத்தார். அது எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்புதான். அதன் வரிகள் பெரும்பாலும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. மதிப்பீட்டைப் படித்த ஊழியர் “சரியாகத்தான் எழுதியிருக்கிறார்” என்று தலையாட்டுவதை வைத்து, கருத்துரை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

பாராட்டுச் சொல் ஒன்றே மழுப்பலாகிவிடுவதும் உண்டு. இந்தியாவில் அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு சாட்சி. எல்லைச் சாலைகள் துறையில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94ஆம் ஆண்டின் ரகசிய அறிக்கையில் “நன்று” என்று எழுதப்பட்டிருந்தது. கண்காணிப்புப் பொறியாளராகப் பதவி உயர்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு “மிக நன்று” வேண்டும் என்பது விதி. அந்த ஒரு “நன்று” அவருடைய உயர்வைத் தடுத்துவிட்டது. அப்படி எழுதப்பட்டது அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. 2008-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், நன்றோ தீதோ, எந்தக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. மேலோட்டமாகப் பாராட்டாகத் தெரியும் சொல், எந்த அளவுகோலில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தண்டனையாகிவிடும். அகராதியில் அதற்கு என்ன பொருள் என்பது அங்கே எடுபடாது.

மத்திய அரசு ஊழியர்களின் மதிப்பீட்டு முறையில் இதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பத்துக்கு 1 அல்லது 2 போட்டால் குறிப்பிட்ட தவறுகளைக் காட்டியும், 9 அல்லது 10 போட்டால் குறிப்பிட்ட சாதனைகளைக் காட்டியும் அதைக் கருத்துரையில் நியாயப்படுத்த வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இந்த விதி இரண்டு ஓரங்களுக்கு மட்டுமே. எண்ணையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நடுவில் உள்ள மதிப்பெண்களுக்கும் பயன்படும்: ஐந்துக்கு மூன்று போட்டுவிட்டு, கருத்துரையில் குறை ஒன்றுமே இல்லை என்றால், அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்பது யாருக்கும் தெரியாது.

இவ்வளவு மழுப்பல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கோழைத்தனம் அல்ல, குறிப்பு இல்லாமைதான். ஆண்டு முழுவதும் ஒன்றும் குறித்து வைக்காமல், கடைசித் தேதிக்கு முந்தைய மாலை பன்னிரண்டு பேரின் படிவத்தை நிரப்ப உட்காருபவர் “பொதுவாக” என்றுதான் எழுத முடியும். மாதம் ஒருமுறை ஆளுக்கு இரண்டு வரி, தேதியோடு குறித்து வைத்தால் மழுப்பலுக்கான தேவையே பாதி குறையும். மழுப்பல் எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஷெல்லி கொரெலும் கரோலின் சிமார்டும் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் எழுத்து மதிப்பீடுகளைப் படித்து 2016-இல் எழுதியபடி, ஆண்களைவிடப் பெண்களுக்கே எதனோடும் பொருத்திப் பார்க்க முடியாத பொத்தாம் பொதுவான கருத்துகள் கூடுதலாக வந்திருந்தன. தன் குழுவின் படிவங்கள் அனைத்தையும் பரப்பி வைத்து, யாருடைய கருத்துரையில் எண்களும் நிகழ்ச்சிகளும் இல்லை என்று ஒருமுறை பார்த்தால், மேலாளருக்குத் தன் சாய்வு தெரிந்துவிடும்.

தயக்கம் காட்டும் சொற்கள் எல்லாமே களையும் அல்ல. மேலாளர் நேரில் பார்க்காததைப் பற்றியும், காரணம் உறுதியாகத் தெரியாததைப் பற்றியும் எழுதும்போது ஐயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஐயத்துக்கு எல்லை போட வேண்டும். “வாடிக்கையாளர்களிடம் சரியாகப் பேசுவதில்லை போலத் தெரிகிறது” என்பது மழுப்பல். “இவர் வாடிக்கையாளரிடம் பேசியதை நான் இரண்டு முறைதான் கேட்டேன், இரண்டிலும் கேள்வியை முடிக்கவிடாமல் பதில் சொன்னார். இது வழக்கமா என்று எனக்குத் தெரியாது, ஜூன் மாதம் ஐந்து அழைப்புகளைக் கூட இருந்து கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்பது மழுப்பல் அல்ல. இரண்டிலும் உறுதியின்மை இருக்கிறது. இரண்டாவதில் மட்டும் அது எங்கே தொடங்குகிறது, எப்போது தீரும் என்பது எழுதப்பட்டிருக்கிறது.