பேத்தை நஞ்சு இதயத்தை எளிதில் நிறுத்தாதது ஏன்?

திருகோணமலை மீனவர் ஒதுக்கும் பேத்தை மீனின் நஞ்சு, நரம்பின் சோடியக் கால்வாய்களை அடைத்து மூச்சை முடக்கும். இதயத்தின் சோடியக் கால்வாய் சற்று வேறானது. அதை அடைக்கப் பன்மடங்கு நஞ்சு வேண்டும்.

அக்கால்வாய் திறந்து சோடியம் பாய்ந்ததும், −90 மில்லிவோல்ட்டில் இருந்த இதயவறைக் கலம் நேர்மின்னாகிறது. இது செயல் மின்னழுத்தத்தின் கட்டம் 0. இதயத்துடிப்புச் சீர்கேட்டுக்கான முதல்வகை மருந்தான பிளெக்கைனைட் இந்த ஏற்றத்தை மந்தமாக்கும். கட்டம் 1இல் சிறிது பொட்டாசியம் கசியும். கட்டம் 2இல் கால்சியம் உள்ளே வர, பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் சமமாக நிற்கும். நான்காம் வகை வெரப்பமில் கால்சியத்தைத் தடுத்தாலும், முக்கியமாகக் கணுக்களிலேயே செயல்படும். இரண்டாம் வகை பீட்டா தடுப்பான்கள் அங்கே கட்டம் 4இன் ஏற்றத்தைத் தணிக்கும்.

கட்டம் 3இல் பொட்டாசியம் வெளியேறிக் கலம் ஓய்வுக்குத் திரும்பும். மூன்றாம் வகை சோட்டலோல் இதைத் தாமதப்படுத்துவதால் ஈசிஜியில் QT நீளும். அளவுமீறி நீண்டால் மருந்தே ஆபத்தான துடிப்பைக் கிளப்பிவிடும்.