கட்டணத்தைக் கடைசியில் கேளுங்கள்

வாகன உதிரிபாகம் செய்யும் ஆலைகளின் மனிதவளப் பிரிவிலிருந்து பயிற்சி நிறுவனங்களுக்குப் போகும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் இரண்டே வரிதான். 'இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சிக்குக் கட்டணம் எவ்வளவு? பிரவுச்சர் அனுப்பவும்.' பதிலாக வண்ணப் பிரவுச்சரும், தலைக்கு இத்தனை ரூபாய் என்ற எண்ணும் வரும். மூன்று இடங்களில் வாங்கிய எண்களை ஒரு தாளில் எழுதி, குறைந்ததில் டிக் அடித்து மேலாளர் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். வகுப்பில் வந்து நிற்கப்போவது யார் என்று அதுவரை ஆலையில் ஒருவருக்கும் தெரியாது.

வேறு துறையில் இது பெரிய குற்றமில்லை. வாகனத் துறையில் மாட்டிக்கொள்ள நேரும். இந்த ஆலைகள் பின்பற்றும் தர மேலாண்மைத் தரநிலை ஐ.ஏ.டி.எஃப் 16949. 2016-இல் வெளிவந்த இது, ஐ.எஸ்.ஓ 9001-க்கு மேல் வாகனத் துறைக்கான நிபந்தனைகளைச் சேர்த்துக் கட்டப்பட்டது. இதன் 7.2.3 பிரிவு, ஆலைக்குள் தணிக்கை செய்கிறவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. தணிக்கையைத் திட்டமிட்டு நடத்தி, அறிக்கை எழுதி, கண்ட குறைகளை முடித்துவைக்கத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனம் தனியாக விதித்த நிபந்தனைகள் தெரிய வேண்டும். 'கோர் டூல்ஸ்' எனப்படும் தரக் கருவிகள் தெரிய வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்கிறது: பயிற்சி கொடுத்து இந்தத் திறனை உண்டாக்கியிருந்தால், பயிற்சி கொடுத்தவருக்கு இவையெல்லாம் தெரியும் என்பதற்கான ஆவணம் ஆலையிடம் இருக்க வேண்டும்.

ஆகவே வெளியிலிருந்து வரும் ஆடிட்டர், 'பத்துப் பேருக்கும் சர்டிபிகேட் இருக்கிறது, சரி. சொல்லிக்கொடுத்தவரின் விவரம் எங்கே?' என்று கேட்கலாம். பலருடைய கோப்பில் அந்தத் தாள் இருப்பதில்லை. விசாரணையைப் பயிற்சியாளரிடமிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான்.

ஓசூரில் ஓர் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலுமினியத்தில் பிரஷர் டை காஸ்டிங் செய்து, மெஷினிங் முடித்து, இருசக்கர வாகன நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். சூப்பர்வைசர்களும் இன்ஜினியர்களுமாகப் பத்துப் பேருக்குப் பயிற்சி வேண்டும். மனிதவள அதிகாரி ஒரு பயிற்சி நிறுவனத்தை அழைக்கிறார்.

'எத்தனை பேர் மேடம்? ஒர்க்கவுட் பண்ணி கொட்டேஷன் அனுப்பிடறேன்.'

'கொட்டேஷன் அப்புறம் சார். யார் வந்து எடுப்பாங்க?'

'எங்ககிட்ட இருபது வருஷம், இருபத்தஞ்சு வருஷம் அனுபவம் உள்ள டிரெய்னர்ஸ் இருக்காங்க மேடம்.'

'எங்களுக்கு வரப்போறவர் பேரும் பயோடேட்டாவும் வேணும். அவரோட ஒரு கால் மணி நேரம் போனில் பேசணும். எங்க குவாலிட்டி மேனேஜரும் கூட இருப்பார்.'

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை என்றால், ஆளை இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். நிறைய நிறுவனங்களில் பயிற்சியாளர்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. தேதிக்குத் தகுந்தபடி அழைக்கப்படும் ஃப்ரீலான்ஸர்கள். அதில் தவறு எதுவுமில்லை, நல்ல பயிற்சியாளர்கள் பலர் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒருவருடைய பயோடேட்டாவைக் காட்டிவிட்டு வேறொருவரை அனுப்பும் பழக்கம் இந்த ஏற்பாட்டில்தான் வளர்கிறது.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன கேட்பது? பட்டத்தையும் வருடக் கணக்கையும் பயோடேட்டாவே சொல்லிவிடும். தொழில் தெரிந்தவரா என்பதைக் காட்டும் கேள்வி வேறு. 'டை காஸ்டிங் லைனில் பிராசஸ் ஆடிட் செய்தால் எங்கே தொடங்குவீர்கள்?' என்று கேட்கலாம். கன்ட்ரோல் பிளானையும் பி.எஃப்.எம்.இ.ஏ-வையும் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போவேன் என்பவர் வேலை பார்த்தவர். செக்லிஸ்ட் தருகிறேன், அதை நிரப்பினால் போதும் என்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்து, அவருடைய பாடம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். பி.எஃப்.எம்.இ.ஏ என்பது ஒரு வேலையில் எந்தப் படி எப்படித் தவறலாம், தவறினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம். பாதிப்பின் கடுமை, நேரும் வாய்ப்பு, கண்டுபிடிக்க முடியாமல் போகும் வாய்ப்பு ஆகிய மூன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு, பெருக்கி வரும் எண்ணை ஆர்.பி.என் என்பார்கள். 100-ஐத் தாண்டினால் நடவடிக்கை என்பது பல ஆலைகளின் பழைய வழக்கம். அமெரிக்காவின் ஏ.ஐ.ஏ.ஜி-யும் ஜெர்மனியின் வி.டி.ஏ-வும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட கையேடு இந்தப் பெருக்கலைக் கைவிட்டது. காரணத்தை ஒரு கணக்கில் காட்டலாம். கடுமை 10, நேரும் வாய்ப்பு 4, கண்டறிதல் 2 என்றால் பெருக்குத்தொகை 80. கடுமை 4, வாய்ப்பு 5, கண்டறிதல் 6 என்றால் 120. பழைய முறையில் இரண்டாவதுக்குத்தான் முதலில் ஆள் ஓடுவார்கள். ஓட்டுகிறவரின் உயிருக்கே ஆபத்தான முதலாவது கிடப்பில் கிடக்கும். புதிய கையேட்டின் அட்டவணையில் முதலாவது உயர் முன்னுரிமை, இரண்டாவது தாழ் முன்னுரிமை. 'உங்கள் ஸ்லைடில் ஆர்.பி.என் மட்டும்தானா, ஆக்‌ஷன் பிரையாரிட்டியும் இருக்கிறதா?' என்று கேட்டால் விடை ஒரு நிமிடத்தில் வந்துவிடும். உங்கள் வாடிக்கையாளர் இன்னும் ஆர்.பி.என் கேட்கிறார் என்றால் இரண்டும் தெரிந்தவர்தான் வேண்டும்.

மொழியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் தமிழில் இருந்தால்தான் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர் வாய் திறந்து கேள்வி கேட்பார். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களும் இருப்பார்கள். புனேயிலிருந்து வரும் பெரிய நிபுணர் இரண்டு நாளும் ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போனால், தலையாட்டல்தான் மிஞ்சும்.

சான்றிதழ் விஷயத்தில் குழப்பம் அதிகம். ஐ.ஏ.டி.எஃப் அமைப்பு தானே நடத்தும் தேர்வு, ஆலைகளுக்குச் சான்று வழங்கும் நிறுவனங்களின் ஆடிட்டர்களுக்கானது. ஒரு பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டி அதை எழுத முடியாது. ஆகவே 'ஐ.ஏ.டி.எஃப் சர்டிபிகேட் தருகிறோம்' என்று ஒருவர் சொன்னால், தாளில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பயிற்சி நிறுவனமாகத்தான் இருக்கும். உள் தணிக்கையாளருக்கு அதுவே போதும். ஆனால் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் போட்ட தாளுக்கும், தேர்வு எழுதித் தேறினார் என்று மதிப்பெண்ணோடு தரும் தாளுக்கும் ஆடிட் மேசையில் ஒரே மதிப்பு இல்லை. தேர்வு உண்டா, தேறாதவருக்கு மறுதேர்வு உண்டா, திருத்திய விடைத்தாளின் நகல் ஆலைக்குக் கிடைக்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. மாதிரிச் சான்றிதழையும் முன்பே அனுப்பச் சொல்லலாம். இதில் ஒரு வம்பும் உண்டு. உங்கள் ஆலைக்குச் சான்று வழங்கும் நிறுவனமே உங்கள் வளாகத்துக்கு வந்து உங்களுக்கென்று தனிப் பயிற்சி நடத்தினால் அது ஆலோசனை என்று கருதப்படும், நடுநிலை கெடும். எல்லோருக்கும் பொதுவாக அறிவித்து நடத்தும் வகுப்பில் போய் உட்காரத் தடையில்லை.

தேதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். சர்வைலன்ஸ் ஆடிட் செப்டம்பரில் என்றால், அதற்கு முன் உள் தணிக்கை நடந்து, கண்ட குறைகள் முடிக்கப்பட்டு, நிர்வாக மறுஆய்வுக் கூட்டமும் நடந்திருக்க வேண்டும். உள் தணிக்கைக்கு ஜூன், ஜூலை வேண்டும் என்றால் பயிற்சி மே மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். பயிற்சி நிறுவனத்தின் காலண்டரில் மே மாத பேட்ச் இருக்கிறது என்பது போதாது. பொது வகுப்புகளுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று வைத்திருப்பார்கள்; சேரவில்லை என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். 'இது உறுதியான தேதியா, ஆள் சேர்ந்தால் நடக்கும் தேதியா? எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள்?' என்று கேட்காமல் பெயர் கொடுக்க வேண்டாம். மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடி இருக்கும், அந்த வாரத்தில் உற்பத்திப் பிரிவு ஆளை விடாது. தரநிலை எல்லா ஷிப்டுகளிலும் பிராசஸ் ஆடிட் கேட்கிறது. அதனால் இரவு ஷிப்ட் ஆட்களும் பட்டியலில் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் நாள் இரவு வேலை கொடுத்துவிட்டுக் காலையில் வகுப்பில் உட்கார வைப்பது வீண் செலவு.

இப்போது கட்டணம். நம் ஓசூர் ஆலைக்கு இரண்டு கொட்டேஷன் வருவதாகக் கொள்வோம். எண்கள் கணக்குக்காகப் போட்டவை. முதலாவது, பெங்களூரில் இரண்டு நாள் பொது வகுப்பு, தலைக்கு 9,000 ரூபாய். பத்துப் பேருக்கு 90,000. இரண்டாவது, ஆலைக்கே வந்து நடத்துவது, நாளுக்கு 35,000. இரண்டு நாளுக்கு 70,000. இருபதாயிரம் மிச்சம் என்று தோன்றும். கொட்டேஷனின் அடியில் சிறிய எழுத்தில், பயிற்சியாளரின் பயணமும் தங்குமிடமும் 'ஆக்சுவல்' என்றும் சான்றிதழுக்குத் தலைக்கு 500 என்றும் இருக்கும். விமானமும் ஓட்டலுமாக 18,000, சான்றிதழுக்கு 5,000 சேர்த்தால் 93,000. முதலாவதை விட அதிகம். இதே கணக்கைப் பதினைந்து பேருக்குப் போட்டால் பொது வகுப்பு 1,35,000 ஆகிறது, ஆலை வகுப்பு 95,500-இல் நிற்கிறது. எத்தனை பேர் என்று முடிவு செய்யாமல் எது மலிவு என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. பயணச் செலவுக்கு 'ஆக்சுவல்' என்பதை ஏற்காமல் ஓர் உச்சவரம்பு போடச் சொல்லுங்கள், அல்லது டிக்கெட்டையும் அறையையும் நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

எல்லாவற்றின் மீதும் 18 சதவீத ஜி.எஸ்.டி வரும். ஆலை அதை உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுத்துக்கொள்ள முடியும் என்றால், வரி நீக்கிய தொகைகளை ஒப்பிடுவதே சரி. பில்லில் ஜி.எஸ்.டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் டி.டி.எஸ் பிடிப்பதும் வரி நீக்கிய தொகைக்குத்தான். இதை அக்கவுண்ட்ஸ் பிரிவோடு முன்பே பேசிவைத்தால், பணம் கைக்கு வந்த பிறகு 'ஏன் குறைகிறது' என்று பயிற்சி நிறுவனத்திலிருந்து அழைப்பு வராது.

ஆக, முதல் மின்னஞ்சல் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்: 'அலுமினியம் டை காஸ்டிங், மெஷினிங் ஆலை. 15 பேர், எல்லா ஷிப்டிலிருந்தும். ஐ.ஏ.டி.எஃப் 16949 உள் தணிக்கையாளர் பயிற்சி, எங்கள் வளாகத்தில், தமிழ் விளக்கத்தோடு, மே இரண்டாம் வாரத்துக்குள். பயிற்சியாளரின் பெயர், பயோடேட்டா, எழுத்துத் தேர்வு விவரம், மாதிரிச் சான்றிதழ், எல்லாச் செலவும் அடங்கிய மொத்தத் தொகை ஆகியவற்றை அனுப்பவும்.' இதற்குப் பிரவுச்சரை மட்டும் அனுப்புகிறவரை அங்கேயே விட்டுவிடலாம்.

ஒத்துக்கொண்ட பிறகு, பர்ச்சேஸ் ஆர்டரில் பயிற்சியாளரின் பெயரை எழுதுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், அது யாருக்கும் நேரும். அப்போது மாற்று ஆளின் பயோடேட்டாவை முன்கூட்டியே அனுப்பி ஆலையின் சம்மதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் கட்டணமில்லாமல் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று கீழே இன்னொரு வரி. கையெழுத்திட்ட பயோடேட்டா ஒரு நகல், வருகைப் பதிவேட்டோடும் விடைத்தாள்களோடும் அதே கோப்பில் போகட்டும்.