தோற்ற வழியை நினைவில் வைக்கும் தேடல்

பத்துப் பொட்டலங்கள். அவற்றின் எடை கிலோவில் 7, 1, 2, 2, 5, 3, 8, 4, 4, 4. மொத்தம் 40 கிலோ. நான்கு பைகளிலும் ஒரே எடை இருக்கும்படி அடுக்க வேண்டும். எந்தப் பொட்டலத்தையும் பிரிக்கக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு பையிலும் சரியாக 10 கிலோ. மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் கணக்கு இது.

மொத்தம் 42 கிலோவாக இருந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், நான்கால் வகுபடாது. ஒரு பொட்டலம் மட்டும் 11 கிலோ என்றாலும் அத்தோடு முடிந்தது. இந்த இரண்டு தடையும் இல்லாதபோதுதான் உண்மையான தேடல் தொடங்குகிறது. அதற்குப் பெயர் பேக்டிராக்கிங். ஒரு பொட்டலத்தை வைத்துப் பார்ப்பது, வழி அடைபட்டால் கடைசியாக வைத்ததை வெளியே எடுத்துவிட்டு வேறொன்றை முயல்வது, அவ்வளவுதான்.

கணினி இதை ஒழுங்காகச் செய்யும். ஒரு பை நிறைந்த பிறகே அடுத்த பைக்குப் போகும். புதிய பையில் மீதமுள்ளவற்றில் வரிசைப்படி முதலில் நிற்பதை வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் உள்ளவற்றில் துணை தேடும். முதல் பையில் 7, 1, 2 சேர்ந்து 10 ஆகிறது. இரண்டாவதில் 2, 5, 3. அதுவும் 10. மிச்சம் 8, 4, 4, 4. எட்டோடு நான்கைச் சேர்த்தால் 12. எட்டுக்குத் துணையாக ஒரு 2 கிடைக்காது. வழி அடைபட்டது.

கணினி பின்வாங்குகிறது. இரண்டாவது பையில் 2, 8 என்று வைத்துப் பார்க்கிறது. 2, 4, 4 என்று பார்க்கிறது. எதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் முதல் பையையே கலைத்து 7, 3 என்று வைக்கிறது. அடுத்த பையில் 1, 2, 2, 5. கூட்டினால் 10. இப்போது மிச்சம் என்ன? மறுபடியும் அதே 8, 4, 4, 4!

இரண்டு முறையும் பைகளுக்குள் இருந்த சேர்க்கை வேறு வேறு. ஆனால் தீர்ந்துபோன பொட்டலங்கள் அதே ஆறு, மீதியும் அதே நான்கு. அந்த நான்கும் இரண்டு பத்துகளாகப் பிரியாது என்பது முன்பே தெரிந்துவிட்டது. முன்பு தோற்றதைக் குறித்து வைத்திருந்தால் இங்கே ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டியதில்லை.

குறிப்பதும் எளிது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பிட். பயன்படுத்தியிருந்தால் 1, இல்லையென்றால் 0. முதல் ஆறு பொட்டலங்களும் தீர்ந்த நிலை `0000111111`. அது 63 என்ற ஒற்றை எண். 63 தோற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கணினி உடனே திரும்பிவிடும். அடுத்ததாக 7, 3 பையை அப்படியே வைத்துக்கொண்டு 1, 5, 4 என்று முயல்கிறது. மீதி 2, 8 ஒரு பை. 2, 4, 4 இன்னொரு பை. விடை கிடைத்துவிட்டது.

எவை தீர்ந்தன என்பதை மட்டும் குறித்தால் போதும் என்பதற்குக் காரணம், பைகள் ஒவ்வொன்றாக நிறைவதுதான். தீர்ந்தவற்றின் கூட்டுத்தொகை 27 என்றால், இரண்டு பை நிறைந்து மூன்றாவதில் 7 கிலோ இருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஒவ்வொரு பொட்டலத்தையும் கையில் எடுத்து ஏதாவதொரு பையில் போடும் முறையில், 7, 1, 2 மூன்றும் ஒரே பையில் இருக்கலாம். 7 ஒரு பையிலும் 1, 2 இன்னொன்றிலும் இருக்கலாம். பிட்டுகள் ஒன்றே, நிலைமை வேறு. அங்கே இந்தக் குறிப்பை நம்பினால் விடை இருந்தும் இல்லை என்று நிரல் சொல்லிவிடக்கூடும். ஒரு பை பாதி நிறைந்திருக்கும்போது குறிப்பதிலும் ஆபத்து உண்டு. 7-க்குப் பிறகு 1-ஐத் தாண்டி 2-ஐ வைத்த கணினி, அந்தப் பையில் 1-ஐத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே கிடைத்த தோல்வி முழுத் தோல்வி ஆகாது. பை நிறைந்த கணத்தில் மட்டும் குறிப்பதே பாதுகாப்பு.

இதே பொட்டலங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருந்தால் 8, 2, 7, 3, 5, 4, 1, 4, 4, 2 என்று ஒரு பையைக்கூடக் கலைக்காமல் விடை வந்திருக்கும். அப்படி அடுக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் விடையே இல்லாத கணக்கில் எல்லா வழிகளையும் பார்த்தாக வேண்டும். அங்கே எந்த வரிசையும் காப்பாற்றாது, குறிப்புதான் காப்பாற்றும். 16 பொட்டலங்களை நான்கு பைகளில் போடும் வழிகள் 4^16, அதாவது சுமார் 429 கோடி. தீர்ந்தவை, தீராதவை என்று பார்த்தால் நிலைகள் 2^16, வெறும் 65,536.

குறிப்பேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பொட்டலம் கூடினால் நிலைகள் இரட்டிக்கும். 30 பொட்டலங்களுக்கு 107 கோடியைத் தாண்டிவிடும். இரண்டே பைகள் கொண்ட எளிய வடிவத்தைக்கூட, 1972-ல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளின் பட்டியலில் காணலாம். எல்லாத் தருணங்களிலும் வேகமாக விடை தரும் முறை எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.