பாண்டில் பிறந்த தேதி தவறா? கடிதம் இப்படிப் போகட்டும்

ஆயுள் காப்பீடு எடுத்த ஒரு பெண்ணின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 12-10-1986. பாண்டிலோ 10-12-1986. நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. பெயரிலும் ஒரு பிசகு. ஜெயந்தி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஜே-வுக்கு அடுத்த எழுத்து பான் கார்டில் ஏ, பாண்டில் ஈ. இப்படி ஒரு பாண்டு கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்கலாம். ஆனால் அலுவலகம் இரண்டையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தினால் பிரீமியம் மாறாது. வங்கிக் கணக்கில் இருப்பவரும் பாண்டில் இருப்பவரும் ஒருவர்தானா என்பதே அங்கே கேள்வி. அதற்குப் பான் கார்டு நகலும் வங்கிப் பாஸ்புக் நகலும் பெரும்பாலும் போதும். பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் கதை வேறு. அவர்களிடம் அரசிதழ் அறிவிப்பு கேட்பார்கள். ஆகவே நீங்கள் கேட்பது பெயர் மாற்றம் அல்ல, எழுத்துத் திருத்தம்தான் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிறந்த தேதி அப்படியல்ல. பிரீமியமே வயதைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. நம் உதாரணத்தில் பாலிசி தொடங்கிய நாள் 28-4-2019. அன்று இரண்டு தேதிப்படியும் 32 வயது முடிந்திருந்தது. முடிந்த வயதைக் கணக்கில் எடுக்கும் திட்டமென்றால் எதுவும் மாறாது. அருகிலுள்ள பிறந்தநாளைப் பார்க்கும் திட்டங்களும் உண்டு. அங்கே அரையாண்டு தாண்டினால் அடுத்த வயது. அக்டோபரில் பிறந்தவருக்கு ஏப்ரல் 12-ஆம் தேதியே அரையாண்டு தாண்டிவிட்டது, வயது 33. டிசம்பரில் பிறந்தவருக்கு இன்னும் தாண்டவில்லை, வயது 32. ஆக, பாண்டில் ஒரு வயது குறைவு.

இதனால் ஆண்டுக்கு 140 ரூபாய் வித்தியாசம் என்று கொண்டால், ஏழு தவணைக்கு 980 ரூபாயும் அதற்கான வட்டியும் கட்டச் சொல்வார்கள். சின்னத் தொகைதான். திருத்தாமல் விட்டால், முதிர்வின்போதோ இறப்புக்குப் பின்னோ சான்றுகளை ஒப்பிட்டுப் பார்க்கையில் பிசகு வெளியே வரும். அப்போது கணக்கு உங்கள் தலையிலோ நாமினியின் தலையிலோ விழும். உண்மை வயது அந்தத் திட்டத்தின் வயது வரம்பையே தாண்டியிருந்தால் சிக்கல் பெரிது. திட்டத்தை மாற்றவோ ரத்து செய்யவோ பாலிசி நிபந்தனையில் இடமிருக்கலாம்.

மூன்று ஆண்டு கடந்தால் கேள்வி கேட்க முடியாதே என்று சிலர் நம்பி இருந்துவிடுகிறார்கள். காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 45-ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருவது உண்மை. அதே பிரிவுதான், வயதுச் சான்றை எப்போதும் கேட்கலாம், சரியான வயதுக்கேற்பப் பாலிசி விதிகளைச் சரிசெய்வது பாலிசியைக் கேள்விக்குள்ளாக்குவது ஆகாது என்றும் சொல்கிறது.

எழுதுவதற்கு முன் பாண்டோடு வந்த பிரபோசல் படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். அதில் தேதி சரியாக இருந்தால் பிழை தட்டச்சில் நடந்தது, நகலே உங்கள் சாட்சி. படிவத்திலேயே தவறென்றால் அதை மறைக்காமல் எழுதுவதே நல்லது. எப்படியும் மூலப் படிவம் அவர்களிடம் இருக்கிறது. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ வையுங்கள். ஆதாரை மட்டும் நம்ப வேண்டாம். அது அடையாளச் சான்றே தவிரப் பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று ஆதார் ஆணையமே 2023-இல் தெளிவுபடுத்திவிட்டது.

பாலிசியைக் கவனிக்கும் கிளையின் மேலாளருக்கு, பாலிசி எண்ணைத் தலைப்பிலேயே குறிப்பிட்டு, இப்படி எழுதலாம்:

“ஐயா, மேற்கண்ட பாலிசியில் என் பிறந்த தேதி 10-12-1986 என்று உள்ளது. சரியான தேதி 12-10-1986. பிரபோசல் படிவத்தில் சரியாகவே எழுதியிருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். என் பெயரின் ஆங்கில எழுத்திலும் பிழை உள்ளது. பான் கார்டில் உள்ளபடி திருத்த வேண்டுகிறேன். இது பெயர் மாற்றம் அல்ல. வயதுத் திருத்தத்தால் பிரீமியம் மாறுமானால், எந்த வயதுக்கு எவ்வளவு, நிலுவையும் வட்டியும் எவ்வளவு என்பதை எழுத்தில் தெரிவித்தால் செலுத்தத் தயாராக இருக்கிறேன். திருத்தங்களை எண்டார்ஸ்மென்டாகப் பாலிசியில் பதிந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கணினியில் மாற்றிவிட்டோம் என்று கவுன்டரில் வாய்மொழியாகச் சொல்வதை வைத்து நாமினி நாளை எதையும் நிரூபிக்க முடியாது. கடிதத்தின் இரண்டாம் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். சான்றுகளின் நகல்களில் கையெழுத்திட்டுக் கொடுங்கள், மூலங்களைக் காட்டினால் போதும்.

பதிலே இல்லையென்றால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சென்னையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. முத்திரை வாங்கிய அந்தப் பிரதிதான் அங்கே முதல் ஆவணம்.

எண்டார்ஸ்மென்ட் வந்ததும் பாண்டோடு சேர்த்து வையுங்கள். அப்படியே நாமினியின் பெயரையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.